ஐஜிஎஸ்டி மீதியை ஒரே பக்கம் கழித்து ஏழாயிரம் கட்டிய கதை

பம்ப் கடைக் கணக்கு எழுதியது:

கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் கடையில் கணக்கு பார்க்கிறேன். பேரிங், சீல், எல்லாம் 18 சதவீத சரக்கு. ஜூன் மாதத்துக்கு வரி கட்டியதில் ஒரு குளறுபடி செய்தேன். வேறு யாரும் இதில் விழ வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஜூனில் தமிழ்நாட்டுக்குள் விற்பனை ஐந்து லட்சம். அதற்கு சிஜிஎஸ்டி 45,000, எஸ்ஜிஎஸ்டி 45,000. பாலக்காட்டுக்கு இரண்டு லட்சத்துக்கு அனுப்பினோம், அதற்கு ஐஜிஎஸ்டி 36,000. இது அவுட்புட். இன்புட் பக்கம் ராஜ்கோட்டில் வாங்கிய மூன்று லட்சம் ரூபாய் சரக்குக்கு ஐஜிஎஸ்டி 54,000. உள்ளூர்க் கொள்முதலில் சிஜிஎஸ்டி 38,000, எஸ்ஜிஎஸ்டி 38,000. லாரி வாடகைக்கு நாங்களே கட்ட வேண்டிய வரி தனியாக ஆயிரம் ரூபாய்.

மாதக் கடைசி தேதி போட்டு டேலியில் ஜர்னல் எழுதிவிட்டேன். ஐஜிஎஸ்டி இன்புட் 54,000-இல் 36,000-ஐ ஐஜிஎஸ்டிக்கே கழித்து, மீதி 18,000-ஐ இரண்டு பக்கமும் ஒன்பதாயிரமாகப் பிரித்தேன். சிஜிஎஸ்டிக்கு இன்னும் 36,000 வேண்டும், கையில் 38,000 இருக்கிறது. எஸ்ஜிஎஸ்டியும் அப்படியே. ஆக இரண்டிலும் இரண்டாயிரம் மிச்சம், பணமாகக் கட்ட வேண்டியது லாரி வாடகைக்கான ஆயிரம் மட்டும். இதுவரை சரி.

தப்பு நடந்தது ஜூலை 20-ஆம் தேதி ராத்திரி. போர்ட்டல் ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. மாத ரிட்டர்னான 3பி-இல் வரியை ஈடு செய்யும் அட்டவணைக்கு வந்ததும், எழுதி வைத்த தாளைப் பார்க்காமல் 18,000-ஐயும் சிஜிஎஸ்டி கட்டத்தில் தட்டிவிட்டேன். எஸ்ஜிஎஸ்டிக்கு இன்புட் 38,000 போக ஏழாயிரம் குறைந்தது. போர்ட்டல் கேட்ட எட்டாயிரத்துக்கு சலான் போட்டு, பணம் கட்டி, தாக்கல் செய்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் முதலாளி, "இந்த மாசம் சரக்கு இவ்வளவு எடுத்தும் எதுக்கும்மா எட்டாயிரம்?" என்றார். லாரி வாடகை என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அப்போது புரியவில்லை.

ஜூலை மாதக் கணக்குக்கு உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. என் புத்தகத்தில் போர்ட்டல் ரொக்கக் கணக்கு என்று வைத்திருக்கும் லெட்ஜரில் ஏழாயிரம் நிற்கிறது. போர்ட்டலில் போய்ப் பார்த்தால் ரொக்க இருப்பு பூஜ்யம். பணம் எங்கே போனது?

ஈரோடு ஜவுளி எழுதியது:

இதில் பதற ஒன்றும் இல்லை மேடம். ஐஜிஎஸ்டி மீதியை எப்படிப் பிரித்தாலும் மொத்தம் ஒன்றுதான். நான் எப்போதும் முதலில் சிஜிஎஸ்டிக்கே முழுசாகப் போடுவேன், மிச்சம் இருந்தால் எஸ்ஜிஎஸ்டிக்கு. 2017-இலிருந்து இப்படித்தான் போகிறது, ஒரு ரூபாய் வித்தியாசம் வந்ததில்லை.

பழைய கணக்காளர் எழுதியது:

ஈரோட்டு நண்பர் சொல்வது அவர் கடைக்குச் சரியாக இருக்கும். ஜவுளியில் அவருக்கு மாதாமாதம் இரண்டு பக்கமும் பணம் கட்ட வேண்டி வருகிறது போல. அப்படி இருந்தால் எந்தப் பக்கம் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. உள்ளூர் இன்புட் அவுட்புட்டுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் மாதத்தில்தான் இது கடிக்கும். சிஜிஎஸ்டி இன்புட்டை எஸ்ஜிஎஸ்டிக்குக் கழிக்க முடியாது, அதையும் இதற்குத் திருப்ப முடியாது. ஐஜிஎஸ்டி மட்டும்தான் இரண்டு பக்கமும் பாயும். பாயக்கூடிய அந்தத் தண்ணீரை ஏற்கெனவே நிறைந்த வயலுக்கு விட்டால், பக்கத்து வயலுக்குக் காசு கொடுத்துத்தான் தண்ணீர் வாங்க வேண்டும்.

இந்த மேடம் கணக்கில் 18,000-ஐயும் சிஜிஎஸ்டிக்குக் கொடுத்ததால் அங்கே இன்புட் 27,000 மட்டும் செலவாகி 11,000 நின்றுவிட்டது. எஸ்ஜிஎஸ்டியில் 38,000-ம் தீர்ந்து, ஏழாயிரம் கையிலிருந்து போயிற்று. அந்த 11,000 தொலைந்துவிடவில்லை, அடுத்த மாதம் சிஜிஎஸ்டிக்கு உதவும். ஆனால் ஏழாயிரம் ரூபாய் ரொக்கம் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே அரசாங்கத்துக்குப் போய்விட்டது.

ஐஜிஎஸ்டி இன்புட்டை முழுதும் தீர்த்த பிறகுதான் மற்ற இரண்டையும் தொடலாம் என்பது 2019-இல் வந்த விதி. ஐஜிஎஸ்டி வரி போக மீதியை எந்த வரிசையில், எந்த அளவில் பிரிப்பது என்பதை நம்மிடமே விட்டிருக்கிறார்கள். அதனால் போர்ட்டல் தானாகக் காட்டும் பிரிவினையை அப்படியே நம்பாமல், கட்டத்தை மாற்றிப் பார்த்துவிட்டு அழுத்துவது நல்லது.

காம்போசிஷன் கடை எழுதியது:

நானும் சரக்கு வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்குகிறேன். காம்போசிஷனில் ஒரு சதவீதம் கட்டுகிறேன். வாங்கும்போது கட்டிய வரியை நான் எந்தக் கட்டத்தில் கழிப்பது? எனக்கு அந்த அட்டவணையே வரவில்லை.

பழைய கணக்காளர் எழுதியது:

உங்களுக்கு அது வராது அண்ணா. காம்போசிஷனில் இன்புட் எடுக்கவே முடியாது. கொள்முதல் பில்லில் வரும் வரி சரக்கின் விலையோடு சேர்ந்துவிடும். இந்த மேடம் கேட்பது வேறு விஷயம்.

பம்ப் கடைக் கணக்கு எழுதியது:

சார், தாக்கல் செய்த 3பி-யைத் திருத்த முடியாது என்று தெரியும். அதனால் போர்ட்டலை விட்டுவிட்டேன். என் புத்தகத்தை எப்படி அதோடு பொருத்துவது? என் ஜர்னல் கணக்குப்படி ஜூன் கடைசியில் நிற்க வேண்டியது சிஜிஎஸ்டி இன்புட் 2,000, எஸ்ஜிஎஸ்டி இன்புட் 2,000. போர்ட்டலில் சிஜிஎஸ்டி 11,000, எஸ்ஜிஎஸ்டி பூஜ்யம்.

பழைய கணக்காளர் எழுதியது:

வித்தியாசத்தை எடுத்துப் பாருங்கள். சிஜிஎஸ்டியில் போர்ட்டல் 9,000 அதிகம், எஸ்ஜிஎஸ்டியில் 2,000 குறைவு. நிகரமாக 7,000 அதிகம். உங்கள் ரொக்க லெட்ஜரில் தொங்குகிற ஏழாயிரம் அதுவேதான். பணம் எங்கேயும் போகவில்லை, இன்புட்டாக உருமாறி நிற்கிறது. பழைய ஜர்னலை அழிக்காமல், ஜூலை 20 தேதியிட்டு இதை எழுதுங்கள்:

```
சிஜிஎஸ்டி இன்புட்             டெபிட்    9,000
  எஸ்ஜிஎஸ்டி இன்புட்          கிரெடிட்  2,000
  போர்ட்டல் ரொக்கக் கணக்கு    கிரெடிட்  7,000
```

விவரக் குறிப்பில் 3பி தாக்கல் எண்ணை எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் ஆடிட்டர் கேட்கும்போது உங்களுக்கே நினைவிருக்காது.

நீங்கள் ரொக்கக் கணக்கைத் தனி லெட்ஜராக வைத்திருந்ததால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பாதிப் பேர் சலான் கட்டிய அன்றே அவுட்புட் லெட்ஜருக்கு டெபிட், வங்கிக்கு கிரெடிட் என்று எழுதிவிடுகிறார்கள். சலான் கட்டினால் பணம் போர்ட்டலில் உள்ள நம் ரொக்கக் கணக்குக்குத்தான் போகிறது. 3பி-யில் ஈடு செய்து தாக்கல் செய்யும்போதுதான் வரி தீர்கிறது. புத்தகத்திலும் அந்த இரண்டு படியும் இருக்க வேண்டும்.

திருப்பூர் சாயப்பட்டறை எழுதியது:

அந்த இரண்டு படி விஷயத்தில் நான் சூடுபட்டவன். போன வருஷம் ஒரு மாதம் 20-ஆம் தேதி மத்தியானமே சலான் கட்டியாகிவிட்டது. எங்கள் கணக்குப் பிள்ளை அன்றே வரிக் கணக்கை நேர் செய்து முடித்துவிட்டார். தாக்கல் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. டேலியில் பாக்கி இல்லை என்று காட்டுகிறது, எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம். பன்னிரண்டு நாள் கழித்து, "உங்கள் பில் எங்கள் பக்கம் வந்துவிட்டது, ஆனால் நீங்கள் வரி கட்டவில்லையாமே" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட பிறகுதான் திறந்து பார்த்தோம். ஒரு நாளைக்கு 50 வீதம் 600 ரூபாய் தாமதக் கட்டணம். அதையும் இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகத்தான்.

ஒரு சந்தேகம்: பணம் கெடுவுக்குள் போர்ட்டலில் கிடந்ததே, அதற்கு வட்டி உண்டா? எங்கள் ஆடிட்டர் 18 சதவீதம் போடத்தான் வேண்டும் என்றார்.

பழைய கணக்காளர் எழுதியது:

முன்பெல்லாம் கேட்டார்கள், கட்டினோம். 2024-இல் விதி மாறியது. கெடுவுக்குள் ரொக்கக் கணக்கில் கிடந்து, தாமதத் தாக்கலில் அப்படியே கழிக்கப்பட்ட தொகையை வட்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுடையது எந்த மாதம் என்று ஆடிட்டரிடம் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோடு ஜவுளி எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். இப்போது என் பழைய தாள்களைப் புரட்டினேன். போன மார்ச்சில் எனக்கும் சிஜிஎஸ்டியில் மிச்சம் நின்றிருக்கிறது, எஸ்ஜிஎஸ்டியில் பணம் கட்டியிருக்கிறேன். கவனிக்கவே இல்லை.

ஆனால் லாரி வாடகை ஆயிரத்தை ஏன் பணமாகக் கட்டினீர்கள்? இரண்டு பக்கமும் இன்புட் மிச்சம் இருந்ததே, அதில் கழித்திருக்கலாமே?

பம்ப் கடைக் கணக்கு எழுதியது:

முடியாது அண்ணா. வாங்குகிறவரே கட்டும் வரிக்கு இன்புட்டைக் கழிக்க முடியாது, பணமாகத்தான் போக வேண்டும். 20,000 வாடகைக்கு ஐந்து சதவீதம், 500-ம் 500-ம். அதே மாதம் அதை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். நான் சொன்ன 38,000-இல் அந்த 500 ஏற்கெனவே இருக்கிறது. டேலியில் அந்த வரிக்குத் தனி லெட்ஜர் வைத்திருக்கிறேன். விற்பனை வரியோடு கலந்தால் அதையும் சேர்த்துக் கழித்துவிடுவேன் என்று பயம்.

பழைய கணக்காளர் சார், நீங்கள் சொன்ன ஜர்னலை எழுதினேன். ரொக்க லெட்ஜர் பூஜ்யம். எஸ்ஜிஎஸ்டியும் பூஜ்யம். சிஜிஎஸ்டி மட்டும் 11,000-க்குப் பதில் 11,900 காட்டுகிறது. எங்கள் ஊர்ச் சப்ளையர் ஒருவரின் பத்தாயிரம் ரூபாய் பில்லாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அவர் ஜூனில் பில் கொடுத்தார், சப்ளையர்கள் ஏற்றிய பில்களைப் போர்ட்டல் காட்டும் எங்கள் 2பி-யில் வரவில்லை. ஆனால் அப்படியானால் எஸ்ஜிஎஸ்டியிலும் 900 நிற்க வேண்டுமே?

பழைய கணக்காளர் எழுதியது:

அது நிற்காததால் அந்த பில் இல்லை. 2பி-யில் வராத பில்லை முதலிலேயே தனி லெட்ஜரில் ஒதுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே பக்கம் 900 என்றால் ஏதோ ஒரு கொள்முதல் வவுச்சரில் இரண்டு வரியும் சிஜிஎஸ்டி லெட்ஜரிலேயே விழுந்திருக்கலாம். ஆனால் அப்போது எஸ்ஜிஎஸ்டியில் 900 குறைய வேண்டும். அதுவும் இல்லை. ஜூன் மாத சிஜிஎஸ்டி இன்புட் லெட்ஜரைப் பிரிண்ட் எடுத்து 2பி-யோடு பில் பில்லாக டிக் அடியுங்கள். ஏப்ரல் தொடக்க இருப்பையும் ஒருமுறை பாருங்கள்.

பம்ப் கடைக் கணக்கு எழுதியது:

ஜூன் முழுதும் டிக் அடித்துவிட்டேன், எல்லாம் பொருந்துகிறது. ஏப்ரலுக்குப் போகிறேன். முதலாளியிடம் ஏழாயிரம் கதையை இன்னும் சொல்லவில்லை.