அரிசி விலை ஏறினால் சோறு கூடுமா?

தாமான் குமார்:
எஸ்டிபிஎம் படிக்கும் மகள் கேட்கிறாள். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பதுதான் பாடம். ஆனால் ரொம்ப ஏழை வீடுகளில் அரிசி விலை ஏறினால் அரிசியையே இன்னும் கூடுதலாக வாங்குவார்களாம். நம் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் அப்படி நடந்ததுண்டா?

பசார் மணியம்:
ஏன் இல்லை? 2023 செப்டம்பரில் என் கடையிலேயே நடந்தது. அரிசி விலை ஏறிய சேதி வந்த வாரமே, 26 ரிங்கிட் உள்நாட்டு அரிசி பத்துக் கிலோ மூட்டை காலையில் இறக்கினால் மத்தியானம் இருக்காது. வழக்கமாக ஒரு மூட்டை வாங்குகிறவர் மூன்று கேட்டார். ஏற ஏற ஜனம் அள்ளிக்கொண்டு போனது. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வனஜா:
மணியம் அண்ணே, நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆனால் அது வேறு. இந்தியா அந்த ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி இறக்குமதி அரிசி இங்கே டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது. ஏறியது அந்த அரிசி. உங்கள் கடையில் காலியானது விலை ஏறாத அரிசி, கட்டுப்பாட்டு விலையில் அப்படியே நின்றது. ஏறியதை விட்டு ஏறாததைப் பிடித்தார்கள், அவ்வளவுதான். பாடப்புத்தகம் இதற்குத் தலையாட்டும்.

இன்னொன்று, மூன்று மூட்டை வாங்கியவர் அந்த மாதம் மூன்று மூட்டைச் சோறு தின்றாரா? இரண்டு ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கும். குமாரின் மகள் கேட்பது வயிற்றுக்குள் போனதை. கல்லாவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

லெச்சுமி அக்கா:
எங்கள் வீட்டிலும் இப்படித்தான். மலிவு அரிசி வாங்கினால் மருமகள் முகம் சுளிக்கிறாள். விலை கூடின பொன்னி வாங்கினால் இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொள்கிறாள். விலை இருந்தால்தான் சாமானுக்கு மதிப்பு.

கிராணி மகன்:
அக்கா, அது வசதி உள்ள வீட்டுக் கதை. கேள்வி வேறு வழி இல்லாதவர்களைப் பற்றி.

அப்பா தோட்டத்துக் கிராணி. அம்மாவுக்குப் பால்வெட்டுக்குப் போகும் வீடுகளோடுதான் எப்போதும் பழக்கம். 1973, 74ல் சாமான் விலை எல்லாம் எகிறியபோது லயத்தில் என்ன நடந்தது என்று அம்மா சொல்வார். முதலில் போனது மீன்காரனிடம் வாங்கும் கெம்போங் மீன். அப்புறம் கருவாடு பாதியானது. சோறு மட்டும் கூடியது, அதுவும் சட்டி நிறைய, மேலே வெறும் மிளகாய்த் தண்ணி. நான் அந்தக் கட்சி. நடந்திருக்கிறது.

தாப்பா ரவி:
அம்மா சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் சேராது சார். இதற்கு எல்லோரும் காட்டுவது அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சம். வேண்டுமானால் நம் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கும் அதே மாதிரிதான்: விலையும் ஏறியது, எல்லோரும் அதையே தின்றார்கள். இரண்டும் பஞ்ச காலம். சாதாரண காலத்தில் ஒரு உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம்.

வனஜா:
ரவி, நீங்கள் காட்டிய இரண்டுமே உதாரணம் ஆகாது. 1845க்குப் பிறகு அயர்லாந்தில் நோய் விழுந்து கிழங்கே அழுகிப்போனது. இல்லாத கிழங்கை எப்படிக் கூடுதலாகத் தின்பது? ஜப்பான் காலத்தில் நம்மவர் மரவள்ளிக்குப் போனது அரிசி கிடைக்காததால். கிழங்கின் விலை ஏறியது அதன் விளைவு, காரணம் அல்ல.

விலை ஏற ஏறக் கூடுதலாக வாங்கப்படும் சாமானுக்குக் கிஃபன் பொருள் என்று பெயர் வந்த கதையும் வேடிக்கைதான். கிஃபன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரொட்டி விலை ஏறினால் ஏழைத் தொழிலாளி இறைச்சியை விட்டு இன்னும் ரொட்டி தின்கிறான் என்று சொன்னதாக 1895ல் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதினார். கிஃபன் எங்கே சொன்னார் என்று பின்னால் தேடியவர்களுக்கு அந்த இடம் அகப்படவில்லை. அதனால் இது கட்டுக்கதை என்று ரொம்ப நாள் பலர் நினைத்தார்கள். உங்கள் சந்தேகம் கெட்ட சந்தேகம் இல்லை.

பஞ்சம் இல்லாத உதாரணம் கேட்டீர்கள். சீனாவில் ஹூனான் மாநிலத்தில் 2006ல் ஜென்சன், மில்லர் என்ற இருவர் சோதித்தார்கள். ஏழைக் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி பிரித்து, சிலருக்கு அரிசிக் கூப்பன் கொடுத்தார்கள்: அரைக் கிலோவுக்கு 10 காசு, 20 காசு, 30 காசு தள்ளுபடி, சீனக் காசில். ஐந்து மாதம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. கூப்பனுக்கு முன்னால், கூப்பன் இருந்தபோது, நிறுத்திய பிறகு என்று மூன்று தடவை போய், முந்தின நாள் வீட்டில் ஒவ்வொருவரும் என்ன தின்றார்கள் என்று எழுதினார்கள்.

அரிசி மலிவானவர்கள் அரிசியைக் குறைத்தார்கள். கூப்பன் நின்றதும் திரும்ப ஏற்றினார்கள். விலை 1 விழுக்காடு ஏறினால் அரிசி சுமார் 0.24 விழுக்காடு கூடுகிறது என்று கணக்கு வந்தது. சின்ன எண்தான், ஆனால் எதிர்ப்பக்கம் போகவேண்டிய எண். கான்சு மாநிலத்தில் கோதுமைக்கும் செய்தார்கள், அங்கே இவ்வளவு தெளிவாக வரவில்லை.

தாப்பா ரவி:
மலிவானால் ஏன் குறைக்கிறான்? மிச்சக் காசில் இன்னும் ஒரு படி வாங்கலாமே.

வனஜா:
மிச்சக் காசில் கறி வாங்குகிறான். மனிதனுக்குச் சோறு மேல் ஆசை இல்லை ரவி, வயிறு நிறைந்தால் போதும். கறி கொஞ்சம் கூடினால் சோறு கொஞ்சம் குறையலாம்.

ஒரு வீட்டை எடுங்கள். எண்கள் என் கற்பனை, புரிவதற்காக. சாப்பாட்டுக்கு மாதம் 90 ரிங்கிட். அரிசி கிலோ 1 ரிங்கிட், மீன் 4.50. வயிறு நிறைய மாதம் 40 கிலோ அரிசி அளவு வேண்டும், ஒரு கிலோ மீன் அரைக் கிலோ அரிசி அளவுக்கு நிறைக்கும். நிறையவும் வேண்டும், முடிந்தவரை மீனும் வேண்டும். அவள் போடும் கணக்கு 33.75 கிலோ அரிசி, பன்னிரண்டரைக் கிலோ மீன். காசு சரியாகத் தீர்ந்துவிடும்.

இப்போது அரிசி 1.50. பழைய அளவையே வாங்கினால் கிட்டத்தட்ட 17 ரிங்கிட் இடிக்கும். எதை வெட்டுவாள்? அரிசியை வெட்டினால் பிள்ளைகள் பசியோடு படுக்கும், ஏனென்றால் ஏறிய விலையிலும் வயிற்றை நிறைப்பதில் அரிசிதான் மலிவு. அதனால் மீனை 8 கிலோவாக்குகிறாள். குறைந்த மீன் விட்ட இடத்தை எதாவது நிரப்பவேண்டுமே, அரிசி 36 கிலோ ஆகிறது. 54 ரிங்கிட் அரிசிக்கு, 36 ரிங்கிட் மீனுக்கு. கூட்டிப் பாருங்கள், 90 வரும்.

கிராணி மகன்:
அம்மா சொன்ன மிளகாய்த் தண்ணி இதுதான்.

வனஜா:
பொறுங்கள், முடிக்கவில்லை. அதே வீட்டில் 45 ரிங்கிட்தான் இருந்தால்? முன்பே மீன் ஒரு கிலோ சொச்சம்தான். அரிசி 1.50 ஆனதும் முழுக் காசுக்கும் 30 கிலோ அரிசிதான் வரும், முன்பு 39 கிலோ. மீனை விட்டுக்கொடுக்க மீனே இல்லை, அதனால் அரிசியும் குறைகிறது, பட்டினி. ஹூனானிலும் சாப்பாடே பெரும்பாலும் அரிசியாக இருந்த அடிமட்ட வீடுகளில் இந்தத் தலைகீழ் தெரியவில்லை. ஏழை, ஆனால் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் மிச்சம் உள்ள ஏழை. அங்கேதான் இது நடக்கும்.

தாப்பா ரவி:
சரி, சீனாவை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் இரண்டே சாமான்தான். இங்கே அரிசி ஏறினால் கோதுமை மாவு இருக்கிறது, உதவித்தொகை விலையில் ஒரு கிலோ பாக்கெட் 1.35. என் அம்மா அரிசி ஏறிய மாதம் ராத்திரிக்கு ரொட்டி தட்டினார். மீனில் கை வைக்கவில்லை. அப்படியானால் மலேசியாவில் இது நடக்காது.

வனஜா:
இன்றைக்கு நடப்பது ரொம்பக் கடினம், அதில் உங்கள் பக்கம்தான். அரிசியைவிட மலிவாக வயிற்றை நிறைக்கும் வேறொன்று பக்கத்தில் இருந்தால் என் கணக்கு உடைந்துவிடும். மாதச் சம்பளத்தில் அரிசிக்குப் போகும் பங்கும் இப்போது சிறிசு. ஆனால் 73ல் லயத்தில் அந்த மாவு இதே விலையில் கிடைத்ததா என்று பார்க்காமல் "மலேசியாவில் நடக்காது" என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

பசார் மணியம்:
ஒன்று விட்டுவிட்டீர்கள். அப்போது ரொக்கம் ஏது? பற்று நோட்டுதான். கடைக்காரர் அரிசியைக் கடன் கொடுப்பார், மீன்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து ரொக்கம் கேட்பான். கையில் காசு குறைந்தால் மீன் தானாக நிற்கும். அரிசி கடனில் ஏறும். விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

வனஜா:
இதை நான் யோசிக்கவில்லை அண்ணே. நல்ல கேள்வி.

கிராணி மகன்:
நோட்டு என்றதும் பெட்டியைக் கிளறினேன். அம்மாவின் பற்று நோட்டு ஒன்று இருக்கிறது, ஓரம் செல்லரித்தது, 1973. கடைக்காரர் நீலப் பென்சிலில் எழுதியது. ஜூலையில் அரிசி 52 காத்தி, கருவாடு 6, மாவு 4. அக்டோபரில் அரிசி 57, கருவாடு 2, மாவு 4. விலை எழுதிய கட்டம் கரையான் தின்றுவிட்டது. மாவு கூடவில்லை ரவி, பாருங்கள். கருவாடும் கடனில்தான் வந்திருக்கிறது மணியம் அண்ணே, அதே பக்கத்தில் இருக்கிறது.

தாப்பா ரவி:
வீட்டில் ஆள் எத்தனை? ஐந்து காத்தி கூடியதற்கு ஒரு விருந்தாளி போதும்.

வனஜா:
அதுதான் கேட்கவேண்டியது. ஆள் மாறாமல் இருந்து, அரிசி கூடி, கருவாடு குறைந்திருந்தால் நான் கிராணி மகன் பக்கம் சாய்வேன். ஒரு வீடு, இரண்டு மாதம், அவ்வளவுதான் என்றாலும்.

கிராணி மகன்:
அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த வருஷம் பாட்டி ஊரிலிருந்து வந்து தங்கியது நினைவிருக்கிறதாம். தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லத் தெரியவில்லை. பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.