பேரன் இல்லை, அது அவரேதான்: பிளாஷ்பேக் புரியாமல் போன கதை

மழைக்கோடு:
நான்கு நிமிடம் இருபது விநாடிக்கு ஒரு அனிமேஷன் குறும்படம் செய்துகொண்டிருக்கிறேன். வசனம் கிடையாது. ஒரு முதியவர் இரவில் மேசை விளக்கடியில் உட்கார்ந்து கிழிந்த குடை ஒன்றைத் தைக்கிறார். தைக்கத் தைக்க, சிறுவயதில் அப்பாவோடு அதே குடைக்குள் நடந்த நாட்கள் மூன்று முறை வந்து போகின்றன. அவ்வளவுதான் கதை.

போன வாரம், கதைப் படங்களை நேரத்தோடு கோத்த முன்வடிவான அனிமேட்டிக்கை ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு பேர் அந்தச் சிறுவனை முதியவரின் பேரன் என்று நினைத்துவிட்டார்கள். “பேரனுக்காகக் குடை தைக்கிறார், அழகா இருக்கு” என்று ஒருவர் சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பழைய காட்சிகள் எல்லாவற்றுக்கும் செபியா நிறம் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் வரும்போதும் ஒரு விநாடி டிசால்வ் வைத்திருந்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்து, சரிசெய்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

கறுப்புமை:
செபியாவை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் பழசு என்று எல்லோருக்கும் தெரியும். என் படத்தில் அப்படித்தான் செய்தேன், ஒருவர்கூடக் குழம்பவில்லை.

தொகுப்புமேசை:
கறுப்புமை சொல்வது அவருடைய படத்துக்குச் சரியாக வந்திருக்கும். அதில் நிகழ்காலம் நல்ல வெயிலில் பளிச்சென்று இருந்திருக்க வேண்டும். இங்கே நிகழ்காலமே இருட்டறை, ஒரே ஒரு விளக்கு. நிறம் ஏற்கெனவே குறைவு. அதன் பக்கத்தில் கறுப்பு வெள்ளையை வைத்தால் விளக்கை அணைத்தது போலத்தான் தெரியும்.

மழைக்கோடு, உங்கள் செபியா தோற்றதற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மேசை விளக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு. செபியாவும் அதே குடும்பம். பார்ப்பவரின் கண்ணுக்கு அறை மாறியிருக்கிறது, காலம் மாறவில்லை. நான் பல வருடங்களுக்கு முன் இதே குழியில் விழுந்தேன். மாலை வெயிலில் நடக்கும் கதைக்குப் பொன்னிற பிளாஷ்பேக் வைத்து, முழுப் படத்தையும் வண்ணம் தீட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் முதலில் கலர் ஸ்கிரிப்ட் போடுகிறேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தபால்தலை அளவில் ஒரு படம், எல்லாம் ஒரே தாளில் வரிசையாக. நாலடி தள்ளி நின்று பார்த்து, எது பழசு என்று விரல்வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் திரையிலும் தெரியாது.

உங்கள் கதையில் விடை உள்ளேயே இருக்கிறது. பழைய காட்சிகள் மழை நாளின் பகல். அந்த வெளிச்சம் இயல்பாகவே நீலம், பச்சை, சாம்பல். மேலே எந்தப் பூச்சும் வேண்டாம். மழை வெளிச்சத்தை மழை வெளிச்சமாகவே வரையுங்கள்.

பொம்மைக்காரி:
கனவுக் காட்சி பற்றித்தானே கேட்கிறீர்கள்? என் படத்தில் கனவுக்கு ஓரங்களை மங்கலாக்கினேன், நன்றாக வந்தது.

மழைக்கோடு:
கனவு இல்லை அக்கா, உண்மையிலேயே நடந்த பழைய சம்பவம். மங்கலாக்கினால் அவர் கற்பனை செய்கிறார் என்று ஆகிவிடும் என்ற பயம் இருக்கிறது.

பொம்மைக்காரி:
ஓ, சரி சரி. அப்படியென்றால் மங்கல் வேண்டாம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன்தான் இந்தத் தாத்தா என்று நிறம் எப்படிச் சொல்லும்? நிறம் ‘இது வேறு காலம்’ என்று மட்டும்தான் சொல்லும். நான் பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன் செய்கிறவள். ஒரே ஆளுக்கு இரண்டு வயதில் இரண்டு பொம்மை செய்யும்போது முகம் ஒத்துப்போகவே போகாது. அதனால் ஒரு பழக்கத்தை ஒட்டவைப்பேன். ஒரு கால் பெருவிரலால் மற்ற காலைச் சொறிவது போல ஏதாவது ஒன்று. அதைப் பையன் செய்யட்டும், மேசைக்கு அடியில் தாத்தாவும் செய்யட்டும்.

மழைக்கோடு:
இதைத்தான் நான் யோசிக்கவே இல்லை! என் சிறுவனுக்கும் முதியவருக்கும் பொதுவாக ஒரு கோடுகூட இல்லை.

எட்டுப்படம்:
என் அனுபவம் வேறு மாதிரி. நிகழ்காலத்தை விநாடிக்கு 12 படம், கடந்தகாலத்தை விநாடிக்கு 8 படம் என்று வரைந்தேன். 24 பிரேமில் ஒவ்வொரு படமும் நிகழ்காலத்தில் இரண்டு பிரேம், கடந்தகாலத்தில் மூன்று பிரேம் நிற்கும். பழைய காட்சிகள் கொஞ்சம் தயங்கித் தயங்கி நகர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காட்டியபோது இருவர் வீடியோ திக்குகிறது என்று நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில்தான் மோசம். பின்னணி ஒவ்வொரு பிரேமிலும் நகர்கிறது, ஆள் மூன்று பிரேமுக்கு ஒருமுறை நகர்கிறான், நடப்பவனின் பாதம் தரையில் வழுக்குகிறது. கேமராவை நிறுத்திவிட்ட ஷாட்களில் மட்டும் அதை வைத்துக்கொண்டேன். தனியாக அதை நம்பாதீர்கள், நிறத்தோடு துணைக்கு வேண்டுமானால் வரட்டும்.

தொகுப்புமேசை:
போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மழைக்கோடு, திரும்பி வரும்போது எந்த ஷாட்டுக்கு வருகிறீர்கள்?

மழைக்கோடு:
முதல் முறை, ஊசி பிடித்த கையின் குளோசப்பிலிருந்து போகிறேன். திரும்பும்போது ஜன்னல் தெரியும் வைட் ஷாட்.

தொகுப்புமேசை:
அங்கேயும் ஆட்களைத் தொலைத்திருப்பீர்கள். வைட் ஷாட் வந்தால் இது எந்த வீடு, எந்தக் காலம் என்று கண் முதலிலிருந்து தேட ஆரம்பிக்கும். முதல் முறையாவது கிளம்பிய அதே குளோசப்புக்கு, அதே கோணத்துக்கு வாருங்கள். ஒரே ஒரு வித்தியாசம், ஒரு தையல் கூடியிருக்கட்டும். முக்கால் விநாடி, அதாவது 18 பிரேம் அசையாமல் நில்லுங்கள். டிசால்வ் தேவைப்படாது, நேர் கட் போதும். பழைய காட்சிக்குப் போகும்போது மழைச் சத்தம் மட்டும் படத்துக்கு அரை விநாடி முன்பே கேட்கத் தொடங்கட்டும். காது முதலில் போகும், கண் பின்னால் போகும்.

முதல் பிளாஷ்பேக்தான் பார்ப்பவருக்கு விதியைச் சொல்லித்தருகிறது. அதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள், பத்துப் பன்னிரண்டு விநாடி. இரண்டாவதைச் சுருக்கலாம்.

கறுப்புமை:
இதைப் படித்ததும் குனியோ கட்டோ இயக்கிய ‘லா மைசோன் அன் பெதி க்யூப்’ ஞாபகம் வந்தது. 2008-இல் வந்த ஜப்பானியக் குறும்படம். தண்ணீர் ஏற ஏற ஒரு முதியவர் வீட்டின் மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போகிறார். தவறிவிழுந்த புகைக்குழாயைத் தேடி மூழ்கி ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க, நினைவும் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகிறது. வசனமில்லாமலே காலம் புரிகிறது, கீழே என்றால் முன்பு. நான் நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் குடையும் அப்படி ஏதாவது சொல்லலாமே.

மழைக்கோடு:
மூன்று நாள் உட்கார்ந்து மாற்றினேன். செபியா போய்விட்டது. பழைய காட்சிகளில் குடை முழுசாக, ஒட்டு இல்லாமல் இருக்கிறது. நிகழ்காலத்தில் ஒரு மடிப்பில் சிவப்பு ஒட்டு. கால் சொறியும் பழக்கத்தை இருவருக்கும் வைத்தேன், பையன் மழையில் நிற்கும்போது, தாத்தா மேசைக்கு அடியில். முதல் திரும்பல் அதே குளோசப், ஒரு தையல் கூடுதல்.

இந்த முறை புதிதாக ஐந்து பேர். புரிந்ததா என்று கேட்கவில்லை, கதையைச் சொல்லுங்கள் என்றேன். நான்கு பேர் “அவர் சின்னப் பையனாக இருந்தபோது” என்றே ஆரம்பித்தார்கள். ஐந்தாமவர் மட்டும் அப்பாவைத்தான் தாத்தா என்று நினைத்துவிட்டார். அப்பாவுக்கும் மீசை, தாத்தாவுக்கும் மீசை. அப்பா மீசையை எடுத்துவிடப் போகிறேன்.

மூன்றாவது பிளாஷ்பேக்தான் முடிவாகவில்லை. குடை கிழியும் அந்தக் காட்சிக்குச் சத்தமும் இல்லாமல், குளோசப்பும் இல்லாமல் திடீரென்று வெட்டிப்போக ஆசை.

தொகுப்புமேசை:
விதி பதிந்திருந்தால் தாங்கும். நான் வெட்டுவேன்.

பொம்மைக்காரி:
நான் வெட்டமாட்டேன். அழவேண்டிய இடத்தில் ஒரு விநாடி ‘எங்கே இருக்கிறோம்’ என்று யோசித்தாலும் அழுகை போய்விடும். இரண்டு விதமாகவும் செய்து வேறு வேறு ஆட்களுக்குக் காட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.