ஈசாப் பங்குகளை மார்ச்சில் வாங்குவதா, ஏப்ரலிலா? வழிகாட்டுங்கள்

வணக்கம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு நிறுவனத்தில் எனக்கு 2,000 ஈசாப், அதாவது குறித்த விலையில் பங்கு வாங்க ஊழியருக்குத் தரும் உரிமைகள், இருக்கின்றன. மேற்படிப்புக்காக ஜனவரி 31 அன்று வேலையை விட்டேன். 90 நாட்களுக்குள் வாங்காவிட்டால் அத்தனையும் காலாவதியாகிவிடும்.

ஈசாப் வழங்கியபோதும் உரிமை முதிர்ந்தபோதும் வரி வரவில்லை. விலை கொடுத்துப் பங்காக மாற்றும் நாளில்தான் வருகிறது. ஒரு பங்குக்கு நான் கொடுக்க வேண்டிய விலை 10 ரூபாய். மதிப்பீட்டாளர் சொல்லும் சந்தை மதிப்பு 310. 2,000 பங்குகளுக்கும் சேர்த்து வித்தியாசம் 6 லட்சம்; அது சம்பளமாகவே கணக்கிடப்படும். இந்த நிதியாண்டில் 30 சதவீத வரம்பில் இருக்கிறேன். செஸ் சேர்த்து 1,87,200 ரூபாய் கட்ட வேண்டும். விற்க முடியாத பங்குக்குக் கைக்காசு!

ஏப்ரலில் வாங்கினால் அது அடுத்த நிதியாண்டு. அப்போது எனக்கு வேறு வருமானமே இல்லை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே வராது என்று நினைக்கிறேன்.

என் பயம் இரண்டு. அதற்குள் புதிய முதலீடு வந்து மதிப்பு ஏறிவிட்டால்? பின்னாளில் பங்கை 110 ரூபாய்க்கு விற்க நேர்ந்தால், நட்டம் 310இலிருந்து கணக்காகும்; அந்த மூலதன நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

வேலையை விட்டபின் ஏப்ரலில் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? பழைய நிறுவனம் டிடிஎஸ்ஸை அந்த ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிட்டதா, முழு 30 சதவீதம் பிடித்ததா? பங்கு ஒதுக்கீட்டுக்கு எத்தனை நாள் ஆனது?