மூன்றே வரி விளம்பரம்: "பெக்டரி ஒபிசர் – தேயிலை". வேலை என்னவென்று இல்லை, எதை வைத்து எழுதுவது?

குன்னூர்க்காரன்: கல்யாணமாகி ஹட்டன் வந்து நாலு மாசம் ஆச்சு. ஊர்ல இலையை நறுக்கி உருண்டைத் தூளாக்குற சிடிசி ஃபேக்டரியில ஆறு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசர். போன ஞாயிறு பேப்பர்ல பார்த்தது இவ்வளவுதான்: "பெக்டரி ஒபிசர் – தேயிலை. டிக்கோயா பகுதித் தோட்டம். உறவினரல்லாத இருவரின் பெயருடன் 10 நாட்களுக்குள் விண்ணப்பிக்கவும்." கம்பெனி பேர் இல்ல, தபால் பெட்டி நம்பர் மட்டும். என்ன வேலைன்னே தெரியாம என்ன எழுதுறது?

பண்டாரவளை ராணி: முதல்ல வீசாவைப் பாருங்க. என் மச்சானுக்கு அதுதான் இழுபறியாப் போச்சு.

குன்னூர்க்காரன்: அதை வக்கீல் பார்க்கிறார் அக்கா. நான் கேட்டது கடிதம் பத்தி.

லிந்துலை சுரேஷ்: இங்க மலைநாட்டுல ரோலர்ல சுருட்டுற ஆர்த்தடாக்ஸ் தேயிலைதான். சிடிசின்னு எழுதினா கவரைப் பிரிச்சதும் ஓரமா வச்சிருவாங்க. அந்தப் பேச்சே எடுக்காதீங்க.

டீமேக்கர் மாமா: சுரேஷ் சொல்றது பாதிதான் சரி. சிடிசியை மறைச்சா தம்பியோட ஆறு வருஷமும் சேர்ந்து மறைஞ்சிரும். ரெண்டு வகையிலயும் ஒண்ணாயிருக்கிற வேலையை முன்னால வைக்கணும்.

முதல்ல பதவிப் பேரைப் பாரு தம்பி. அந்தக் காலத்துல டீமேக்கர்னு சொன்ன ஆளைத்தான் பல கம்பெனியில இப்ப பெக்டரி ஒபிசர்ங்கிறாங்க. அவருக்குக் கீழ ஷிப்ட் பார்க்கிறவரையும் சில இடத்துல அப்படித்தான் கூப்பிடுறாங்க. இந்த விளம்பரத்துல முன்னால "சீனியர்" இல்ல, "உதவி"யும் இல்ல. அதனால ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி எழுது.

பெக்டரியில யாரா இருந்தாலும் கொழுந்து நிறுத்து வாங்கணும். ராத்திரி கொழுந்து வாட்டத்தைப் போய்த் தொட்டுப் பார்க்கணும், விடியுமுன்ன ரோலிங் தொடங்கணும், ட்ரையர் சூட்டைக் கவனிக்கணும், காலையில கணக்கை துரைகிட்ட கொடுக்கணும். இதுல எது உன் கையால நடந்ததோ அதை மட்டும் எழுது. "உங்கள் தொழிற்சாலையில் நான் இதைச் செய்வேன்"னு எழுதாதே, அங்க என்ன செய்றாங்கன்னு உனக்குத் தெரியாது.

இன்னொண்ணு, டிக்கோயாவுக்கு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்தான் காய்ந்த காத்து. நல்ல விலைத் தேயிலை அப்பதான் வரும். டிசம்பர்ல ஆள் தேடுறது அதுக்காகவும் இருக்கலாம், யாராவது விட்டுப் போயிருக்கவும் கூடும். அதை வச்சு, எப்ப வேலைக்குச் சேர முடியும்னு தேதி போடு.

நுவரெலியா கவி: நான் ஹோட்டல்ல "எக்சிக்யூட்டிவ்"னு மட்டும் இருந்த விளம்பரத்தைப் பார்த்து, வரவேற்பு மேசைன்னு நினைச்சு ஒரு பக்கம் எழுதினேன். நேர்முகத்துக்குப் போனா ஏஜென்டுமாருக்கு ரூம் விக்கிற வேலையாம். எழுதினதுல ஒரு வரியும் உதவல.

குன்னூர்க்காரன்: மாமா, இப்படி எழுதியிருக்கேன்: "தினமும் சுமார் 10,000 கிலோ கொழுந்து வரும் ஃபேக்டரியில் நிறுவை முதல் ட்ரையர் வரை இரவு ஷிப்ட் முழுப் பொறுப்பு. ஆர்த்தடாக்ஸ் தயாரிப்பிலும் தேர்ந்தவன்."

டீமேக்கர் மாமா: முதல் வரி நல்லாயிருக்கு. ரெண்டாவதை வெட்டு. ரோலர் பக்கம் நின்னிருக்கியா? இல்லன்னா நேர்முகத்துல முதல் கேள்வியே வாட்டம் எவ்வளவுன்னு வரும். சிடிசிக்குக் கொழுந்துல ஈரம் எழுபது சதவீதத்துக்குக் கிட்ட இருந்தாப் போதும். ரோலருக்கு அதைவிட நல்லா வாடணும், அம்பத்தஞ்சு பக்கம். உன் பழக்கத்துக்குச் சொன்னா அங்கேயே மாட்டிக்குவ.

அதுக்குப் பதிலா அவுட்டர்ன் பத்தி ஒரு வரி போடு. நூறு கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தேயிலைதான் வரும். ஒரு நாள் திடீர்னு ஏறிச்சுன்னா நிறுவை தப்பு, இல்லன்னா தூள் சரியாக் காயல. அப்படி ஒண்ணை நீ கண்டுபிடிச்சிருக்கியா?

குன்னூர்க்காரன்: ஒரு தடவை 24 வந்துச்சு. தராசு கொழுந்தைக் குறைச்சுக் காட்டிட்டு இருந்தது. விவசாயிங்களுக்கு மூணு நாள் பாக்கியைத் திருப்பிக் கொடுத்தோம்.

டீமேக்கர் மாமா: அடப்பாவி, இதை ஏன் எழுதல! இதுதான் கடிதத்தோட முதல் பந்தி. நீ சொன்ன மாதிரியே, தராசு, மூணு நாள், பாக்கி எல்லாம் வரட்டும். அடுத்து, "இதுவரை சிடிசியில்தான் வேலை செய்தேன், ரோலிங் புதிது"ன்னு ஒரே வரி.

லிந்துலை சுரேஷ்: புதிதுன்னு நாமளே சொல்றதா? எனக்கு மனசு வரல.

டீமேக்கர் மாமா: நீ சொல்லாட்டி குன்னூர்னு இருக்கிற பழைய ஃபேக்டரி விலாசமே சொல்லிரும்.

குன்னூர்க்காரன்: சம்பளம் எவ்வளவு கேட்கிறதுன்னும் எழுதணுமா?

டீமேக்கர் மாமா: கேட்கல, எழுதாதே. ஒபிசருக்குக் குவாட்டர்ஸ் உண்டான்னு தெரிஞ்ச பிறகு பேசலாம். பதவி பெரிசா சின்னதான்னும் அப்பதான் தெரியும். கவரோட இடப்பக்க மேல் மூலையில பதவிப் பேரை எழுது, விளம்பரத்துல உள்ள அதே எழுத்துல. அந்தத் தபால் பெட்டிக்கு வேற வேலைக்கும் கடிதம் வரும்.