12.5 மில்லியனா, 1 கோடியே 25 இலட்சமா?

கல்லடிப் பாலம்: எங்கட செய்திப் பிரிவுக்கு நடைக் கையேடு எழுதுறம். எண்கள் பகுதியிலேயே இழுபடுது. கொழும்பிலிருந்து வாற அறிக்கை முழுக்க மில்லியன். அப்படியே போடுறதா, இலட்சம் கோடிக்கு மாத்துறதா? காற்புள்ளியை எங்க வைக்கிறது?

ஆரையம்பதி மெய்ப்பாளர்: மாற்றத்தான் வேணும், ஆனால் மாற்றியவர் தானே சரிபார்க்கக் கூடாது. நான் வேலை செய்த இடத்தில் நடந்தது இது. வெள்ளச் சேதத்துக்கு நட்டஈடு 12.5 மில்லியன் ரூபா, பெறுவோர் 250 விவசாயிகள் என்று ஆங்கில அறிக்கை. மொழிபெயர்த்த தம்பி 12.5 இலட்சம் என்று எழுதிவிட்டார். மெய்ப்பு நான்தான் பார்த்தேன். மூலத்திலும் 12.5, நம்மட பிரதியிலும் 12.5. கண் இலக்கத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. விடிந்ததும் தொலைபேசி: "ஆளுக்கு ஐயாயிரம் ரூபாதானா?" 12.5 இலட்சத்தை 250 ஆல் வகுத்தால் ஐயாயிரம், உண்மையில் ஐம்பதாயிரம். அந்த வகுத்தலை நான் முதல்நாள் இரவே செய்திருக்க வேணும். செய்தியில் தொகையும் ஆள்தொகையும் இருந்தால் வகுத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று கையேட்டில் எழுதுங்கள். 1 மில்லியன் 10 இலட்சம், 10 மில்லியன் 1 கோடி, 1 பில்லியன் 100 கோடி. இந்த மூன்று வரியையும் மேசையில் ஒட்டிவைத்தால் போதும்.

கல்முனை நிருபர்: அண்ணன், நீங்க சொன்ன கதையே எனக்குச் சாதகம். மாத்தினபடியால்தானே பிழை வந்தது? மில்லியனை மில்லியனாக விட்டிருந்தால் தொலைபேசியே வந்திருக்காது. வங்கியில, வரவுசெலவுத் திட்டத்தில எல்லாம் மில்லியன்தான். என் வயதுப் பொடியன்களுக்கு அது பழகின சொல்.

ஆரையம்பதி மெய்ப்பாளர்: வரவுசெலவுத் திட்டச் செய்திக்கு நீங்கள் சொல்வது சரி, தம்பி. அட்டவணையோடு ஒப்பிட்டு வாசிப்பவருக்கு மில்லியனே வசதி. ஆனால் வீடு, வளவு, நெல், நட்டஈடு எல்லாம் எங்கட ஆட்கள் இலட்சத்தில் கணக்குப் பார்க்கிற விடயங்கள். 12.5 மில்லியன் என்றால் அதை மனதில் மாற்றிப் பார்க்கும் வேலை வாசகரின் தலையில் விழும், பிழைத்தால் அவருக்கே நட்டம். ஒரே செய்தியில் இரண்டையும் கலக்கக் கூடாது, அது மட்டும் உறுதி.

காத்தான்குடி பக்க வடிவமைப்பு: காற்புள்ளியைப் பற்றி நான் சொல்றேன். நம்ம நாட்டில காசோலையிலிருந்து ரசீது வரை 12,500,000 என்று மூன்று மூன்றாகத்தான் பிரிக்கிறது. இந்தியப் பத்திரிகையைப் பார்த்து 1,25,00,000 என்று போட்டால் இங்குள்ளவருக்குத் தடுமாற்றம். அதைவிடப் பெரிய தலையிடி பாமினி எழுத்துரு. அதில காற்புள்ளி விசையை அழுத்தினால் இ விழும். ஆங்கில இலக்கம் உள்ள பிரதியை மாற்றியில் போட்டு யுனிகோடாக எடுத்தால் 12இ500இ000 என்று வெளிவரும். எத்தனை இணையச் செய்தியில பார்த்திருப்பீங்க! வெளியிட முன்னம் இதைத் தேடுங்க:

```
[0-9]இ[0-9]
```

இது இலக்கங்களுக்கு நடுவில் உள்ளதைத்தான் பிடிக்கும். "மாடுஇ ஆடு" என்று வந்ததைப் பிடிக்க, இ-க்குப் பிறகு இடைவெளி உள்ளதைத் தனியாகத் தேட வேணும். தமிழ்ச் சொல் எதுவும் தனி இ-யில் முடியாது, அதனால் வாறது அநேகமாகப் பிழைதான். இ.போ.ச. மாதிரிச் சுருக்கங்களில் இ-க்குப் பிறகு புள்ளி இருக்கிறதால் அதுகள் இதில் மாட்டாது.

அக்கரைப்பற்று வெள்ளாமைக்காரன்: மில்லியனோ இலட்சமோ, எனக்கு ஏக்கருக்கு எவ்வளவு எண்டு தெரியணும். ஹெக்டேயருக்கு 25,000 எண்டு போட்டா, எனக்கும் ஏக்கருக்கு அவ்வளவு வரும் எண்டு நினைச்சுக் கடன் வாங்கிப்போட்டன். ஒரு ஹெக்டேயர் ரெண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு எண்டு பிறகுதான் மகள் சொன்னா. ஏக்கருக்குப் பத்தாயிரம் சொச்சம்தான். இதையும் எழுதுங்க மனே.

கல்லடிப் பாலம்: ஐயா, நாங்கள் கேட்டது ரூபாயைப் பற்றி. ஆனாலும் அளவைகளுக்கும் ஒரு பக்கம் வைக்கத்தான் வேணும் போல. இன்னொன்று: அமைச்சர் பேசும்போது மில்லியன் என்று சொல்லி, நாங்கள் மேற்கோள் குறிக்குள் போட்டால் அங்கேயும் மாத்தலாமா?

ஆரையம்பதி மெய்ப்பாளர்: குறிக்குள் மாற்றக் கூடாது. மாற்ற வேணுமென்றால் குறியை எடுத்துவிட்டு, 1 கோடியே 25 இலட்சம் ரூபா ஒதுக்கப்படும் என அவர் தெரிவித்தார் என்று அயற்கூற்றாக எழுதுங்கள்.

கல்முனை நிருபர்: அவர் சிங்களத்தில பேசினவர், அண்ணன். குறிக்குள்ள இருக்கிற அத்தனை சொல்லும் எங்கட மொழிபெயர்ப்பு. அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் தொடக் கூடாது?

ஆரையம்பதி மெய்ப்பாளர்: சொல் நம்முடையது, தொகை அவருடையது. அவர் பிழையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பிழையும் அவருடையதாகவே நிற்க வேணும்.

கல்முனை நிருபர்: மாத்தினாலும் தொகை அதேதானே? இதை நான் ஏற்க மாட்டேன். சிங்களத்திலும் இலட்சம், கோடி இருக்கு.

கல்லடிப் பாலம்: இந்த விதியை மட்டும் இப்போதைக்கு வெற்றிடமாக விடுறன். மற்றதுகளை இண்டைக்கே தட்டச்சு செய்து அனுப்புறன்.