தெரியாத எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடும்போது எப்படி ஆரம்பிப்பீர்கள்?

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மிஷின் சத்தத்தில் தினமும் இரண்டு மூன்று அழைப்புகள் தவறிவிடுகின்றன. 140 என்று தொடங்கினால் விளம்பரம், விட்டுவிடுவேன். மற்ற எண்களைத் திருப்பிக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

போன வாரம் அப்படிக் கூப்பிட்டு, "ஹலோ, யாருங்க பேசறது?" என்றேன். எடுத்த பெரியவர், "நீங்கதானே கூப்பிட்டீங்க, நீங்க யாரு?" என்றார். "உங்க நம்பர்லேர்ந்து கால் வந்துச்சுங்க." "நான் யாருக்கும் பண்ணலையே" என்று வைத்துவிட்டார். மாமனார் போனிலிருந்து கூப்பிட்டது அவருடைய மருமகளாம். கல்யாணத்துக்கு ஐந்து பிளவுஸ், வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்.

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "வணக்கங்க, காலைல 11 மணிக்கு இந்த நம்பர்லேர்ந்து கால் வந்திருந்தது. நான் பிளவுஸ் தைக்கிறவங்க பேசறேன். வீட்ல யாராவது கூப்பிட்டிருந்தீங்களா?" நேரத்தைச் சொன்னால் அவர்களே யோசிக்கிறார்கள். தொழிலைச் சொன்னதும், "இரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்கள்.

ஆனால் முன்பின் தெரியாதவரிடம் பெயரையும் சொல்ல வேண்டுமா? தொழிலோடு நிறுத்தினால் மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்று தயக்கம். அப்புறம், ஆபீஸ் லேண்ட்லைனாக இருந்து, எடுப்பவருக்கு யார் கூப்பிட்டார் என்றே தெரியாவிட்டால் எப்படிக் கேட்பது? நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்களேன்.