புதுப்பிப்பு: பழைய கிராம வரைபடம் QGIS-இல் பொருந்திவிட்டது

நான் கேட்டது: "தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பழைய கிராம வரைபடத்தை Thin Plate Spline-இல் பொருத்தினேன். பிழை பூஜ்ஜியம் என்கிறது, ஆனால் கிணறுகள் தள்ளி நிற்கின்றன. ஏன்?"

எல்லோருக்கும் நன்றி. வேலை செய்தது ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா சொன்ன வழி. Thin Plate Spline முறை நாம் குறித்த எல்லாப் புள்ளிகளிலும் சரியாகப் பொருந்தும்படி படத்தையே வளைத்துவிடுமாம். அதனால் பூஜ்ஜியத்தை நம்ப முடியாது. படத்தை வளைக்காத Polynomial 1-க்கு மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது. நடு மடிப்புக்குக் கிழக்கே பிழைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டன. பின்னால் துணி ஒட்டியபோது மடிப்பில் காகிதம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. ஸ்கேனை அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, தனித்தனியாகப் பொருத்தினேன். சுமார் 15 மீட்டர் பிழை 4 மீட்டருக்கு வந்தது. புள்ளியாகச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த கிணறுகளும் பொருந்தின.

சாலைச் சந்திப்புகளைப் பிடிக்கச் சொன்ன தம்பி பாதி சரி. வண்டிப்பாதைச் சந்திப்புகள் உதவின. அகலப்படுத்திய சாலை உதவவில்லை. மூன்று கிராமங்கள் கூடும் எல்லைக்கல்தான் உறுதியானது.

இன்னொன்று: UTM மண்டலங்கள் 43, 44-க்கு இடையிலான எல்லையான 78° தீர்க்கரேகை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊடாகப் போகிறது. அதனால் QGIS-இல் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆயமுறை தேன்கனிக்கோட்டைக்கு EPSG:32643, கிருஷ்ணகிரி நகருக்கு EPSG:32644.

தன் வேலித் தகராறுக்கு இது போதுமா என்று கேட்ட அண்ணனுக்கு: போதாது, புலப்பட அளவுகளோடு சர்வேயர்தான் அளக்க வேண்டும்.

ஏரிக்கரை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. கரை நகர்ந்ததா, வரைந்ததே அப்படியா, தெரியவில்லை.